பேஸ் இல்லாத இயர்போன்: கசிவு, வயரிங், அடைப்பு

இயர்போனின் ஒலி மெலிந்துவிட்டது என்று ஒருவர் குறைகூறும்போது, ஒலியளவு குறைந்துவிட்டது என்றோ ஒரு பக்கம் நின்றுவிட்டது என்றோ அதற்குப் பொருளில்லை. பாடகரின் குரல் தெளிவாகவே கேட்கும். ஜால்ராவின் ஓசை முன்பைவிடக் கூர்மையாகக்கூடத் தோன்றும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்திலும் கிக் டிரம்மிலும் பேஸ் கிதாரிலும் இருக்கவேண்டிய கனம் மறைந்து, தட்டும் ஓசை மட்டுமே மிஞ்சியிருக்கும். பேஸ் என்பது ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த அதிர்வுகளைக் குறிக்கும் சொல். பேஸ் கிதாரின் தடித்த தந்தி எழுப்பும் அடிப்படை அதிர்வு ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அதனுடன் அதன் மடங்குகளான 82, 123, 164 ஹெர்ட்ஸ் என்று மேலே செல்லும் துணை அதிர்வுகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அடிப்படை அதிர்வு இழக்கப்பட்டாலும் மேலே உள்ளவை எஞ்சியிருப்பதால், எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்பதைக் காது கண்டுகொள்கிறது. அந்தச் சுரத்தின் உடல் மட்டும் இல்லாமல் போகிறது. கேட்பவர் பல நாட்கள் குறையை உணராமலேயே ஒலியளவைக் கூட்டிக்கொண்டு போவதற்கு இதுவே காரணம்.

இந்த ஒரே அறிகுறி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களிலிருந்து வரக்கூடும்: இயர்போனுக்கும் காதுத் துவாரத்துக்கும் இடையிலான அடைப்பு தளர்ந்திருக்கலாம், வயர்கள் இடம்மாறியோ அறுந்தோ இருக்கலாம், ஒலி வெளிவரும் குழாய்முனையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். எதையும் பிரிப்பதற்கு முன், கைப்பேசியில் ஈக்வலைசர் அமைப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வேறொரு நல்ல இயர்போனை அதே கைப்பேசியில் பொருத்திக் கேட்டுவிட்டால், குறை இயர்போனில்தான் உள்ளது என்பது உறுதியாகிவிடும். அதன்பின் மூன்றையும் கருவிகள் ஏதுமின்றிப் பெருமளவு பிரித்தறிய முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் மையக் கருத்து.

காதின் அடைப்பும் கசிவும்

காதுத் துவாரத்துக்குள் நுழையும் வகை இயர்போனில் ஒலியை எழுப்பும் உறுப்புக்கு டிரைவர் என்று பெயர். மெல்லிய சவ்வும் அதை அசைக்கும் கம்பிச்சுருளும் காந்தமும் சேர்ந்த அந்த உறுப்பு, பொதுவாக 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை அகலமுடையது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 7 மீட்டர். இவ்வளவு சிறிய சவ்வு திறந்தவெளியில் அத்தகைய நீண்ட அலையை எழுப்பிவிட முடியாது; மேசைமேல் கிடக்கும் இயர்போனிலிருந்து கிசுகிசுப்பு மட்டுமே கேட்பதற்கு அதுவே காரணம். காதுக்குள் நிலைமை வேறு. செவிப்பறைக்கும் இயர்போனின் முனைக்கும் இடையே அடைபட்டிருக்கும் காற்றின் கொள்ளளவு ஓரிரு கன சென்டிமீட்டர்தான் என்பதால், சவ்வு சற்றே முன்னே நகர்ந்தாலும் அந்தக் காற்று முழுவதும் அழுத்தப்பட்டு, அழுத்தம் நேரடியாகச் செவிப்பறையைத் தள்ளுகிறது. ஆக, பேஸை உருவாக்குவது டிரைவர் மட்டுமன்று. டிரைவரும் அடைபட்ட காற்றும் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன.

அந்த அடைப்பில் ஓர் இடைவெளி விழுந்தால், சவ்வு மெதுவாக நகரும் தாழ்ந்த அதிர்வுகளின்போது காற்று அழுத்தப்படுவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. வேகமாக நகரும் உயர்ந்த அதிர்வுகளின்போது இடைவெளியில் உள்ள காற்று அசைவதற்கே நேரமில்லாததால் அழுத்தம் குறையாமல் நிற்கிறது. எவ்வளவு சிறிய இடைவெளி எவ்வளவு பேஸை இழக்கச் செய்யும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு துளையையும் ஒன்றரை கன சென்டிமீட்டர் காற்றையும் வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இழப்பு தொடங்கிவிடுகிறது. அதற்குக் கீழே போகப்போக இழப்பு கூடிக்கொண்டே செல்கிறது. டிரைவரின் அமைப்பைப் பொறுத்து இந்த எண் மாறும் என்றாலும், குண்டூசித் தலையளவு இடைவெளி போதும் என்ற உண்மை மாறாது. இயர்டிப் எனப்படும் சிலிக்கான் உறையே கழன்று விழுந்துவிட்ட இயர்போனில் பேஸ் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துவிடுவதும் இதனால்தான்.

சோதிக்கும் முறை எளிது. கிக் டிரம் தெளிவாக உள்ள ஒரு பாடலை ஓடவிட்டு, இரு இயர்போன்களையும் விரலால் மெதுவாக உள்நோக்கி அழுத்த வேண்டும். அழுத்தும்போது பேஸ் திரும்பி வந்து, விரலை எடுத்ததும் மறைந்தால் குறை அடைப்பில்தான் உள்ளது. மேற்கொண்டு எதையும் திறக்கவோ அளக்கவோ தேவையில்லை. பாடல் இல்லாமலும் இதை அறியலாம்: இயர்போனை அணிந்துகொண்டு வாயை மூடி ஹம் செய்தால், அடைப்பு சரியாக உள்ள காதில் சொந்தக் குரல் தலைக்குள் முழங்குவதுபோல் பெருகிக் கேட்கும், கசிவுள்ள காதில் அந்த முழக்கம் இருக்காது. இடது, வலது என்று ஒவ்வொரு காதையும் தனியே ஒப்பிட இதைவிடச் சிறந்த வழி இல்லை.

கசிவுக்கான காரணங்களில் முதலாவது உறையின் அளவு. பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று இணைகள் வந்தாலும், பெரும்பாலோர் ஏற்கெனவே மாட்டப்பட்டுள்ள நடுத்தர இணையையே மாற்றாமல் பயன்படுத்துகின்றனர். ஒருவரின் இரு காதுத் துவாரங்களும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்பதில்லை என்பதால், இடப்பக்கம் நடுத்தரமும் வலப்பக்கம் பெரியதும் அணிவது முற்றிலும் சரியான தீர்வு. பெரிய உறை வலிக்கும் என்ற அச்சத்தில் சிறியதை ஆழமாகத் திணிப்பவர்களுக்கு வலியும் கசிவும் சேர்ந்தே கிடைக்கின்றன. இரண்டாவது காரணம் அணியும் விதம். காதுத் துவாரம் நேரான குழாய் அன்று, சற்று வளைந்தது. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலேயும் பின்னேயும் இழுத்துப் பிடித்தால் அந்த வளைவு நேராகி, உறை சுவரோடு ஒட்டி அமர்கிறது. நுரை வகை உறையாக இருந்தால், அதை விரல்களுக்கிடையே உருட்டி ஒடுக்கி உள்ளே செலுத்தியபின், அது விரிந்து துவாரத்தை நிரப்பும்வரை அரை நிமிடமாவது விரலால் பிடித்திருக்க வேண்டும். உடனே விட்டுவிட்டால் அது வெளியே வழுகிக்கொண்டே விரிந்து, அடைப்பைத் தராது. மூன்றாவது, உறையின் வயது: வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் சிலிக்கான் நாளடைவில் தளர்ந்து வழுக்குகிறது, அதன் ஓரத்தில் விழும் சிறு கிழிசல் உறையைக் கழற்றி வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். வேறு இயர்போனின் உறையைப் பொருத்தியிருந்தால் அதன் உட்துளை குழாய்முனையைவிட அகலமாக இருந்து, உறைக்கும் முனைக்கும் இடையிலேயே காற்று கசியக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காதுத் துவாரத்துக்குள் நுழையாமல் வாயிலில் அமர்ந்திருக்கும் உறையற்ற வகை இயர்போன்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அவற்றில் கசிவு வடிவமைப்பின் ஒரு பகுதியே என்பதால், எதை மாற்றினாலும் ஓரளவுக்கு மேல் பேஸ் வராது.

வயர்கள் மாறும்போது

அழுத்திப் பார்த்தும் பேஸ் வரவில்லை என்றால், வயர் உள்ள இயர்போனில் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது இணைப்புகளை; குறிப்பாக, ஜாக் மாற்றப்பட்டோ வயர் ஒட்டப்பட்டோ இருந்தால். இங்கே இரண்டு வெவ்வேறு குறைகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. ஒன்று துருவ மாற்றம்: ஒரு பக்க டிரைவரின் கூட்டல், கழித்தல் முனைகள் இடம்மாறி ஒட்டப்பட்டதால், இடது சவ்வு முன்னே தள்ளும்போது வலது சவ்வு பின்னே இழுக்கிறது. அறையில் வைக்கப்பட்ட இரு ஸ்பீக்கர்களில் இது நேர்ந்தால் இரண்டின் பேஸும் காற்றில் மோதி ஒன்றையொன்று அழித்துவிடும். இயர்போனில் ஒவ்வொரு காதும் தனி அறை என்பதால் அவ்வாறு அழிவதில்லை. தனித்தனியே அளந்தால் இருபக்கமும் பேஸ் முழுமையாகவே இருக்கும். ஆயினும் இரு காதுகளுக்கும் எதிரெதிராக வரும் தாழ்ந்த அதிர்வை மூளையால் ஓரிடத்தில் நிறுத்த முடியாததால், தலையின் நடுவில் திரண்டு கேட்கவேண்டிய பேஸ் கலைந்து, பின்மண்டைப் பக்கம் பரவியதுபோலத் தோன்றுகிறது. இதைக் கண்டறியும் அடையாளம் தெளிவானது: ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டால் மற்றக் காதில் பேஸ் நன்றாகக் கேட்கும், இரண்டையும் அணிந்தால் மட்டுமே கனம் கலைந்துபோகும். கழற்றி மாட்டக்கூடிய வயருள்ள இயர்போன்களில், இரு ஊசிகள் கொண்ட இணைப்பை ஒரு பக்கம் மட்டும் தலைகீழாகச் செருகினாலே இது நேர்ந்துவிடும் என்பதால், ஊசிகளின் பக்கக் குறியைப் பார்த்துத் திருப்பிச் செருகுவதே முழுத் தீர்வாகவும் இருக்கலாம்.

மற்றொன்று கிரவுண்ட் அறுந்துபோதல். இடது, வலது டிரைவர்கள் இரண்டிலிருந்தும் மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுவழிக்கு கிரவுண்ட் என்று பெயர். அந்தப் பொதுவழி அறுந்தால் ஒலி நின்றுவிடுவதில்லை. இடது வழியே வரும் மின்னோட்டம் இரு டிரைவர்களையும் தொடராகக் கடந்து வலது வழியே செல்கிறது. அப்போது டிரைவர்களுக்குக் கிடைப்பது இடதுக்கும் வலதுக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே. பெரும்பாலான பாடல்களில் பாடகரின் குரலும் பேஸும் கிக் டிரம்மும் இரு பக்கமும் சமமாகவே பதிவு செய்யப்படுகின்றன. சமமானவை ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைய, பக்கவாத்தியங்களும் எதிரொலியும் மட்டுமே குகைக்குள்ளிருந்து வருவதுபோல் எஞ்சுகின்றன. பேஸோடு குரலும் சேர்ந்து மறைந்திருந்தால் அது ஒருபோதும் உறையின் குறை அன்று என்பதை உறுதியாகக் கொள்ளலாம்.

நான்கு பகுதிகள் கொண்ட, மைக் உள்ள ஜாக்குகளில் அறுபடாமலேயே இதே ஒலி வரக்கூடும். இன்று பரவலாக உள்ள CTIA முறையில் நுனியிலிருந்து இடது, வலது, கிரவுண்ட், மைக் என்ற வரிசை உள்ளது. பழைய OMTP முறையில் கடைசி இரண்டும் இடம்மாறியிருக்கும். ஒரு முறைக்கான இயர்போனை மற்ற முறைக்கான கருவியில் செருகினால் கிரவுண்ட் மைக்கின் வழியே மட்டும் கிடைப்பதால் ஒலி வெறுமையாகிறது. மைக் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் பாடல் முழுமையாகக் கேட்டால் இதுவே காரணம். ஏனெனில் அந்தப் பொத்தான் மைக்கையும் கிரவுண்டையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது. ஜாக் முழுவதும் உள்ளே செல்லாமல் கைப்பேசி உறையில் தட்டி நிற்பதும் இதே விளைவைத் தரும்.

இவற்றைப் பிரிக்கும் மிகச் சிறந்த சோதனை கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்புகளில் உள்ள மோனோ ஆடியோ வசதி. அதை இயக்கினால் இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலி செல்கிறது. கிரவுண்ட் அறுந்த இயர்போனில் வேறுபாடு பூஜ்யமாகிவிடுவதால் ஒலி ஏறக்குறைய முற்றிலும் அடங்கிவிடும். துருவம் மாறியதில் ஒலியளவு குறையாமல், குரல் தலையின் நடுவில் நிற்க மறுக்கும். கசிவுள்ளதில் எந்த மாற்றமும் இருக்காது.

ஒரு பழுதுநீக்கம், படிப்படியாக

ஒரு சாதாரண இயர்போனை எடுத்துக்கொள்ளலாம்: மைக் இல்லாதது, மூன்று பகுதிகள் கொண்ட 3.5 மில்லிமீட்டர் ஜாக். ஜாக்கின் அருகே வயர் அறுந்ததால் புதிய ஜாக் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியபின் வலப்பக்கம் நன்றாகக் கேட்கிறது, இடப்பக்கம் பேஸ் இல்லாமல் மெலிந்திருக்கிறது. உரிமையாளர் இடப்பக்க உறையை மாற்றிப் பார்க்கிறார், பயனில்லை. மோனோ ஆடியோவை இயக்கியதும் இடப்பக்கம் அடங்கி, வலப்பக்கம் மட்டும் ஒலிக்கிறது. கசிவு இவ்வாறு நடந்துகொள்ளாது; இடது டிரைவருக்கு வேறுபாடு மட்டுமே செல்கிறது என்பதற்கு இது சான்று.

மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் நிலையில் வைத்து ஜாக்கின் மூன்று பகுதிகளுக்கிடையே அளக்கும்போது காரணம் வெளிப்படுகிறது. டிரைவர் ஒவ்வொன்றும் 16 ஓம் எனில், சரியான இணைப்பில் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே 16, நடுவளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையே 16, நுனிக்கும் நடுவளையத்துக்கும் இடையே இரண்டும் சேர்ந்து 32 ஓம் காட்ட வேண்டும். இந்த இயர்போனிலோ நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே 32, மற்ற இரண்டிலும் 16 காட்டுகிறது. மிகப் பெரிய எண்ணைத் தரும் இரு பகுதிகளே இடதும் வலதும். எஞ்சியது பொதுவழி என்பதே விதி. ஆகவே பொதுவழி நடுவளையத்தில் ஒட்டப்பட்டு, வலது வயர் அடிப்பகுதிக்குப் போய்விட்டது. வலது டிரைவரில் வலது ஒலியே தலைகீழ்த் துருவத்தில் கிடைத்ததால் அது தனியே நன்றாகக் கேட்டது. இடது டிரைவர் இரு ஒலிகளுக்கும் இடையே மாட்டிக்கொண்டது.

இயர்போன் வயர்களில் பொதுவாகச் சிவப்பு வலதுக்கும், பச்சை அல்லது நீலம் இடதுக்கும், செம்பு நிறம் கிரவுண்டுக்கும் பயன்பட்டாலும், இது எல்லாத் தயாரிப்பாளர்களும் பின்பற்றும் சட்டம் அன்று. நிறத்தை நம்பாமல் மேற்சொன்ன அளவீட்டையே நம்புவது நல்லது. இந்த மெல்லிய இழைகளின் மேல் நிறமுள்ள எனாமல் பூச்சு இருப்பதால், சூடான சாலிடரிங் இரும்பின் நுனியில் ஈயத்துளி வைத்து அதில் இழையை நனைத்துப் பூச்சை எரித்தபின்பே ஒட்ட வேண்டும். பூச்சு எரியாத கிரவுண்ட் இழை பார்வைக்கு ஒட்டியதுபோலவே இருந்து, அளக்கும்போது நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே தொடர்பே இல்லை என்றும், நுனிக்கும் நடுவளையத்துக்கும் இடையே 32 ஓம் என்றும் காட்டும். அதுவே அறுந்த கிரவுண்டின் அடையாளம்.

இரு வயர்களும் இடம்மாற்றி ஒட்டப்பட்டபின் மோனோவில் இருபக்கமும் ஒலிக்கிறது. குரல் நடுவில் நிற்கிறது. ஆனால் இடப்பக்கத்தில் பேஸ் இன்னும் சற்றுக் குறைவு. விரலால் அழுத்தினால் அதுவும் சமமாகிறது. முதலில் செய்த உறை மாற்றம் வேறொரு குறையின் அடியில் மறைந்திருந்ததால் பயனற்றதாகத் தோன்றியது. இப்போது ஓரளவு பெரிய உறையைப் பொருத்தியதும் பிரச்சினை முடிந்துவிடுகிறது. இரு குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது அரிதன்று. எனவே ஒரு திருத்தத்துக்குப் பின் எல்லாச் சோதனைகளையும் மீண்டும் செய்துபார்க்க வேண்டும்.

மின்தடை அளவீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. டிரைவரின் முனைகளிலேயே துருவம் மாறியிருந்தால் மீட்டர் எந்த வேறுபாட்டையும் காட்டாது. 16 ஓம் திருப்பி அளந்தாலும் 16 ஓம்தான். அங்கே காதே கருவி: மோனோ ஒலியை இருபக்கமும் கேட்டு, ஒரு டிரைவரின் இரு வயர்களை மட்டும் மாற்றி ஒட்டி மீண்டும் கேட்பதே வழி. ஸ்பீக்கர்களுக்குச் செய்வதுபோல 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. 16 ஓம் டிரைவரில் அது 90 மில்லிஆம்பியருக்கு மேல் செலுத்தி, நுண்ணிய கம்பிச்சுருளைக் கெடுத்துவிடக்கூடும்.

குழாய்முனையும் சிறுதுளைகளும்

காதுக்குள் நுழையும் குழாய்முனையின் வாயில் ஒரு மெல்லிய வலை உண்டு. காதின் மெழுகு சேருமிடம் அதுவே. ஆனால் அந்த வலையின் அடைப்பு நேரடியாகப் பேஸைக் குறைப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாதி அடைந்த வலை முதலில் உயர்ந்த ஒலிகளை மங்கச் செய்து, அடைப்பு கூடக்கூட ஒலியளவு முழுவதையும் தாழ்த்துகிறது. மனிதக் காது குறைந்த ஒலியளவில் தாழ்ந்த அதிர்வுகளை மற்றவற்றைவிட மிகக் குறைவாக உணர்வதால், தாழ்ந்த ஒலியளவு பேஸ் இழப்பாகவே தோன்றுகிறது. ஆகவே அடைப்பைச் சந்தேகிக்க, மெலிவோடு மங்கலும் சேர்ந்து ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருக்க வேண்டும். இடது இயர்போனை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றி அணிந்தால், குறை இயர்போனோடு இடம்பெயர்கிறதா, காதோடு தங்கிவிடுகிறதா என்பது தெரியும்; காதோடு தங்கினால் உறையின் அளவையோ காதிலேயே மெழுகு அடைத்திருப்பதையோ ஆராய வேண்டும், பின்னதற்குக் காது மருத்துவரிடம் செல்வதே சரி.

துப்புரவு செய்யும்போது உறையைக் கழற்றிவிட்டு, குழாய்முனை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் வலையை வருட வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் உதிரும் மெழுகு உள்ளேயே விழும். காய்ந்து இறுகிய மெழுகுக்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நுனியை மட்டும் நனைத்து உதறிய துலக்கி போதும். திரவத்தை நேரே விடுவதும் வாயால் ஊதுவதும் வலைக்கு அப்பால் சில மில்லிமீட்டரில் உள்ள சவ்வுக்கு ஆபத்து. ஊசியால் குத்துவது வலையைக் கிழித்து, அடுத்த மெழுகுத் துகளுக்கு டிரைவர்வரை வழி திறந்துவிடும். உறையின் உட்துளையிலும் மெழுகு நிற்கும் என்பதால் அதைத் தனியே கழுவி, முற்றிலும் உலர்ந்தபின் மாட்ட வேண்டும்.

நேரடியாகப் பேஸைப் பறிக்கும் அடைப்பு ஒன்று உண்டு; அது குழாய்முனையில் இல்லை. பல இயர்போன்களின் உடலில், டிரைவரின் பின்புறக் காற்று சுவாசிப்பதற்காக ஊசிமுனையளவு துளை விடப்பட்டிருக்கும். அது தூசியாலோ வியர்வை உப்பாலோ அடைபட்டால், பின்னால் சிக்கிய காற்று சவ்வை இறுக்கிப் பிடித்து அதன் நீண்ட அசைவுகளைத் தடுப்பதால் பேஸ் குறைகிறது. அழுத்தினாலும் மாறாத, மோனோவிலும் மாறாத, ஆனால் மங்கலில்லாத மெலிவு ஒரே பக்கம் இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் இந்தத் துளையைத் தேட வேண்டும். இதையும் உலர்ந்த துலக்கியால் மட்டுமே தொடலாம். துளைக்குள் ஒட்டியிருக்கும் மெல்லிய துணிவடி கிழிந்தால் பேஸ் மறுபடியும் தவறான அளவில் நிற்கும். துளையும் சுத்தமாகி, வலையும் தெளிவாகி, மூன்று மின்தடைகளும் சரியாக இருந்தும் அந்தப் பக்கம் மெலிந்தே ஒலித்தால், சவ்வு மடிந்தோ கம்பிச்சுருள் காந்த இடைவெளியில் உரசியோ இருக்கும். மலிவான இயர்போன்களில் ஒட்டி மூடப்பட்ட உடலைப் பிளந்து டிரைவரை மாற்றுவது, அடைப்பான உடலமைப்பையே குலைத்துப் புதிய கசிவை உண்டாக்கிவிடும் என்பதால், அந்த நிலையில் இயர்போனையே மாற்றுவது பொருத்தமானது.